மின்னஞ்சல் இல்லாதவர்களுக்குக் குறுஞ்செய்தி நினைவூட்டல்: திருகோணமலை ஏற்பாட்டாளர்களின் கேள்விகளும் பதில்களும்

இங்குள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்கிறோம். உப்புவெளியில் ஒரு சனிக்கிழமை இலவசக் கண் பரிசோதனை முகாம். பெயர்கள் கடதாசிப் படிவத்தில் பதியப்பட்டிருக்கின்றன. நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்று பல பக்கங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பட்டியலில் 320 வரிகள் இருக்கின்றன, மின்னஞ்சல் முகவரி எவரிடமும் இல்லை.

"320 பேருக்குத்தானே, என்ட போனில இருந்தே அனுப்பினா என்ன?"

இருபது முப்பது பேர் என்றால் தாராளமாக அனுப்பலாம். அதற்கு மேல் போனால் மூன்று சிக்கல்கள் வரும்.

முதலாவது, ஆண்ட்ராய்ட் போன்கள் ஒரு செயலியிலிருந்து குறுகிய நேரத்துக்குள் சுமார் 30 செய்திகளுக்கு மேல் போனால் இடைமறித்து அனுமதி கேட்கும். நீங்கள் போனை மேசையில் வைத்துவிட்டு எழுந்துபோனால் மிச்சம் அப்படியே நின்றுவிடும். எது போனது, எது போகவில்லை என்று பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு.

இரண்டாவது, ஒரே செய்தியில் பலரைச் சேர்த்து அனுப்பினால் சில போன்கள் அதைக் குழுச் செய்தியாக மாற்றிவிடும். அப்போது ஒவ்வொருவருடைய இலக்கமும் மற்ற எல்லோருக்கும் தெரியும். படிவத்தில் இலக்கத்தை எழுதித் தந்த ஒரு பெண் அதற்குச் சம்மதித்திருக்கவில்லை.

மூன்றாவது, தனிநபர் சிம் ஒன்றிலிருந்து ஒரேமாதிரியான செய்தி நூற்றுக்கணக்கில் போனால் வலையமைப்பு அதை வேண்டாத விளம்பரம் என்று கருதி சிம்மின் அனுப்பும் வசதியை நிறுத்திவைக்கலாம். முகாமுக்கு முதல் நாள் மாலை அது நடந்தால் வேறு வழி தேட நேரம் இருக்காது.

ஆகவே மொத்தமாக அனுப்பும் சேவை ஒன்றில் கணக்குத் திறப்பதே சரி. அதில் அலகு அலகாகப் பணம் செலுத்தி, அனுப்புநர் பெயரொன்றைப் பதிந்து, எக்செல் பட்டியலை ஏற்றி அனுப்பலாம்.

"அனுப்புறவர் பெயர், மாஸ்க் எண்டு சொல்லுறாங்களே. அதை எப்படி எடுக்கிறது?"

செய்தி வரும்போது மேலே இலக்கத்துக்குப் பதிலாகத் தெரியும் பெயர்தான் மாஸ்க். அதில் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக ஆகக்கூடியது 11 இடம் உண்டு. தமிழில் வைக்க முடியாது. எடுத்துக்காட்டாக `TCOEYECAMP` 10 இடம், ஆகவே பொருந்தும். `TRINCOEYECAMP` 13 இடம், பொருந்தாது. இடைவெளி விடாமல், குறியீடு எதுவும் போடாமல் எடுங்கள்.

நினைத்த பெயரை நினைத்த உடனே பாவிக்க முடியாது. சேவை நிறுவனம் ஊடாக அதை வலையமைப்புகளில் பதிய வேண்டும். பொதுவாகச் சங்கத்தின் பதிவுச் சான்றிதழ்ப் பிரதி, கடிதத் தலைப்பில் ஒரு கோரிக்கைக் கடிதம், பொறுப்பானவரின் அடையாள அட்டைப் பிரதி ஆகியவற்றைக் கேட்பார்கள். பெயர் உங்கள் அமைப்போடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். வங்கி, அரச திணைக்களம், வைத்தியசாலை போலத் தோன்றும் பெயரையும், `INFO` போன்று யாருக்கும் பொருந்தும் பெயரையும் நிராகரிப்பார்கள். பதிவு செய்யப்படாத குழு என்றால், முகாமை நடத்தத் துணைநிற்கும் பதிவுபெற்ற சங்கத்தின் பெயரில் எடுப்பதே நேர்மையான வழி. செய்தி யாருடைய பொறுப்பில் வருகிறதோ அவருடைய பெயர்தான் மேலே தெரிய வேண்டும்.

ஒவ்வொரு வலையமைப்பும் தனித்தனியாக அனுமதிப்பதால், ஒன்றில் பெயர் கிடைத்து மற்றதில் இன்னும் கிடைக்காத நிலை வரும். இதை அறியாமல் அனுப்பினால் பட்டியலின் ஒரு பகுதி சத்தமில்லாமல் விழுந்துவிடும். அதனால் முழுப் பட்டியலுக்கு அனுப்ப முன் வலையமைப்புக்கு ஒன்றாகச் சோதனைச் செய்தி அனுப்புங்கள். 077, 076, 074 டயலொக். 071, 070 மொபிடெல். 072, 078 ஹட்ச். 075 எயார்டெல், அது 2024 இல் டயலொக்குடன் இணைந்துவிட்டது, ஆனாலும் ஒரு 075 போனிலும் பார்த்துவிடுவது நல்லது. பெயர் அனுமதிக்கு நாள் எடுக்கும் என்பதால் முகாமுக்கு இரண்டு கிழமைக்கு முன்னாவது விண்ணப்பியுங்கள்.

"மாஸ்க்கில வாற செய்திக்குச் சனம் STOP எண்டு பதில் போட்டா எங்களுக்கு வருமா?"

வராது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். மாஸ்க் ஒரு பெயர் மட்டுமே, அதற்குப் பின்னால் இலக்கம் கிடையாது. பல போன்களில் பதில் எழுதும் இடமே தோன்றாது. தோன்றினாலும் அனுப்பிய பதில் எங்கும் போய்ச் சேராது. ஆனால் அனுப்பியவர் தான் நிறுத்தச் சொல்லிவிட்டதாகவே நினைத்திருப்பார். அடுத்த செய்தி வந்ததும் அவருக்குக் கோபம் வரும், அது நியாயமான கோபம்.

வெளிநாட்டுச் சேவைகளின் வழிகாட்டிகளைப் பார்த்து "நிறுத்த STOP என்று பதில் அனுப்பவும்" என்று மாஸ்க் செய்தியின் கடைசியில் எழுதுகிறார்கள். அந்த வரி அங்கே பதில் வாங்கக்கூடிய இலக்கங்களுக்காக எழுதப்பட்டது. நடக்காத ஒன்றை வாக்களிப்பதைவிட அந்த வரி இல்லாமல் இருப்பது மேல். ஆனால் நிறுத்தும் வழியே இல்லாமல் அனுப்புவதும் முறையல்ல. வேறு வாசல் ஒன்றைத் திறந்துவைக்க வேண்டும்.

"அப்ப நிறுத்தச் சொல்லுறதுக்கு என்ன வழி குடுக்கிறது?"

எங்கள் பரிந்துரை மிஸ்ட் கோல். இதற்கென்றே ஒரு சிம், பட்டன் போன் ஒன்று போதும். அந்த இலக்கத்தைச் செய்தியின் கடைசியில் போடுங்கள். வேண்டாம் என்பவர் ஒருமுறை ஒலிக்கவிட்டு வைத்துவிடுவார். அவருக்குக் காசு போகாது, ரீலோட் இல்லாவிட்டால் ஏதாவது எழுதி அனுப்ப முடியுமா என்ற கவலையும் இல்லை, எழுத்துத் தெரியாதவருக்கும் முடியும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இத்தகைய செய்திகளை நிறுத்தும் வழி இலவசமாக இருக்க வேண்டும் என்றே சொல்கிறது.

நம் ஊரில் மிஸ்ட் கோலுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: "என்னிடம் காசில்லை, நீங்கள் எடுங்கள்." இதைத் தவிர்க்க, அந்தச் சிம்மை வேறு எதற்கும் பாவிக்காதீர்கள். விசாரணைக்கான இலக்கம் வேறாக இருக்கட்டும், அதைப் பதிவுத் துண்டில் அச்சிட்டுக் கொடுங்கள். செய்தியில் இரண்டு இலக்கங்களையும் போட்டால் ஆட்கள் குழம்புவார்கள், செய்தியும் நீளும்.

ஒலிக்கும்போது யாரும் எடுக்கவும் கூடாது. எடுத்துவிட்டால் அழைத்தவருக்குக் காசு போய்விடும். போனைச் சத்தம் குறைத்து வைத்துவிட்டுக் காலையும் மாலையும் அழைப்புப் பட்டியலை மட்டும் பாருங்கள்.

இணைய இணைப்பைத் தட்டி நிறுத்தும் வழியை இந்தப் பட்டியலுக்குப் பரிந்துரைக்க மாட்டோம். இணைப்பு செய்தியில் இடத்தைத் தின்னும், தட்டுவதற்கு டேட்டா வேண்டும், தெரியாத இணைப்பைத் தட்டாதீர்கள் என்று பிள்ளைகள் அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அது நல்ல அறிவுரை, அதை நாம் கெடுக்கக்கூடாது.

"மிஸ்ட் கோல் வந்தது. இனி என்ன செய்யிறது, படிப்படியாச் சொல்லுங்கோ."

பட்டியல் இருக்கும் அதே எக்செல் கோப்பில் `STOP` என்ற பெயரில் ஒரு தாள் திறவுங்கள். முதல் நிரலில் இலக்கம், பிறகு நாள், நேரம், எப்படி வந்தது, பதிந்தவர் யார். மிஸ்ட் கோல் மட்டுமல்ல, விசாரணை இலக்கத்துக்கு எடுத்து "இனி அனுப்பாதீங்கோ" என்று சொன்னவரும், கிராம உத்தியோகத்தர் மூலம் சொல்லியனுப்பியவரும் இதே தாளில்தான் சேர வேண்டும். வாய்மூலம் வந்த மறுப்புகள்தான் பெரும்பாலும் தவறிப்போகின்றன. கேட்டவர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்.

பதிந்ததும் அந்த இலக்கத்துக்கு ஒரேயொரு உறுதிச் செய்தி போக வேண்டும்:

```
இனி SMS வராது. உங்கள் பதிவு இரத்தாகவில்லை.
```

இரண்டாவது வசனத்தை விட்டுவிடாதீர்கள். நினைவூட்டல் வேண்டாம் என்றவர் முகாமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருடைய பெயரைக் கதவடிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால், சனிக்கிழமை காலை மூதூரிலிருந்து பஸ் பிடித்து வந்தவரைத் திருப்பி அனுப்ப நேரும். நிறுத்தத் தாள் இலக்கத்துக்கானது, வருகைப் பட்டியல் ஆளுக்கானது. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

அழைப்பு வந்த இலக்கம் உங்கள் பட்டியலில் இல்லாமலும் போகலாம். இரண்டு சிம் போட்ட போனில் செய்தி ஒரு சிம்முக்கு வரும், கோல் மற்றதிலிருந்து போகும். அப்படியான இலக்கத்துக்கு மட்டும் ஒருமுறை நீங்களே எடுத்து, செய்தி எந்த இலக்கத்துக்கு வந்தது என்று கேட்டு, இரண்டையும் தாளில் சேர்த்துவிடுங்கள்.

"இது நான் இல்லை, எனக்கு முகாம் ஒன்றும் தெரியாது" என்று யாராவது சொன்னால், படிவத்தில் இலக்கம் பிழையாக எழுதப்பட்டிருக்கலாம், அல்லது பழையவர் கைவிட்ட இலக்கம் வேறொருவருக்குக் கிடைத்திருக்கலாம். நிறுத்தத் தாளில் சேர்ப்பதோடு, பட்டியலில் அந்த ஆளின் வரியில் இலக்கத்தை அழித்து, ஜி.எஸ். ஊடாகவோ பக்கத்து வீட்டார் ஊடாகவோ சரியான இலக்கத்தைத் தேடுங்கள்.

"நிறுத்தச் சொன்ன ஆளுக்குத் திரும்பவும் செய்தி போயிட்டுது. தாளில பதிஞ்சிருக்கு, எப்படிப் போனது?"

அநேகமாக இரண்டாவது நினைவூட்டலை முதல் நாளே நேரம் குறித்து ஏற்றியிருப்பீர்கள். புதன்கிழமை மாலை முதல் செய்தியை அனுப்பும்போதே வெள்ளிக்கிழமைச் செய்தியையும் சேர்த்து ஏற்றிவிடுவது வழக்கம், வேலை மிச்சம் என்று. ஆனால் சேவைத்தளம் ஏற்றிய நேரத்துப் பட்டியலை அப்படியே பிரதியெடுத்து வைத்துக்கொள்கிறது. வியாழக்கிழமை உங்கள் எக்செல்லில் நீங்கள் எதைப் பதிந்தாலும் அதற்குத் தெரியாது. நிறுத்தச் சொல்பவர்களோ பெரும்பாலும் முதல் செய்தி கிடைத்த பிறகுதான் சொல்வார்கள், ஆகவே இந்தப் பிழை சரியாக அவர்களையே தாக்கும்.

செய்தியின் வாசகத்தை வேண்டுமானால் முன்கூட்டியே சேமித்து வையுங்கள். இலக்கப் பட்டியலை மட்டும் ஒவ்வொரு முறையும் அனுப்புவதற்குச் சற்று முன் புதிதாக எடுங்கள். இலக்கங்கள் B நிரலில் இருந்தால், பக்கத்து நிரலில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=COUNTIF(STOP!A:A,B2)
```

0 வருபவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். தளத்துக்குள் "குழு" என்று தொடர்புகளைச் சேமித்து வைத்திருந்தால் அங்கேயும் பழைய பிரதி கிடக்கும், அதை அழித்துவிடுங்கள். நிறுத்தத் தாளை ஒரே ஒருவர் பொறுப்பேற்று வைத்திருப்பது நல்லது. மூன்று பேரிடம் மூன்று பிரதி இருந்தால் எதுவுமே சரியாக இருக்காது.

"தமிழில எழுதினா ஏன் காசு இரண்டு மடங்கு மூன்று மடங்கு போகுது?"

ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்துகள் சிறிதாகப் பொதியப்படுவதால் 160 கொள்ளும். தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றும் இரண்டு பைட் எடுப்பதால் 70 தான் கொள்ளும். அதைத் தாண்டினால் செய்தி பகுதிகளாகப் பிரியும், பகுதிகளை மறுபடி கோக்கும் தகவலுக்குச் சிறிது இடம் போவதால் ஒரு பகுதிக்கு 67. ஆகவே இரண்டு பகுதிக்கு 134, மூன்றுக்கு 201. கட்டணம் பகுதிக் கணக்கில்தான்.

இன்னொரு விடயம் பலருக்குத் தெரிவதில்லை. கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவது போனுக்கு இரண்டாக இருக்கும். "க்" என்பது க-வும் புள்ளியும். "மு" என்பது ம-வும் உகரக் குறியும். "ஸ்ரீ" நான்கு. இந்த வரியைப் பாருங்கள்:

```
கண் முகாம் நினைவூட்டல்: ஜூன் 13 சனி காலை 8.30, உப்புவெளி பொது மண்டபம்.
```

கண்ணால் எண்ணினால் இடைவெளிகளோடு 48. போனின் கணக்கில் 70. ஒற்றைச் செய்திக்குச் சரியாகப் பொருந்துகிறது, இனி ஒரு முற்றுப்புள்ளிக்குக்கூட இடமில்லை. நிறுத்தும் வழியையும் சேர்த்தால் இப்படி வரும்:

```
கண் முகாம் நினைவூட்டல்: ஜூன் 13 சனி காலை 8.30, உப்புவெளி பொது மண்டபம். அடையாள அட்டை கொண்டு வரவும். வேண்டாமெனில் மிஸ்ட் கோல் 07XXXXXXXX
```

இது சரியாக 134, இரண்டு பகுதி. "மிஸ்ட் கோல்" என்பதற்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளி போட்டாலே மூன்றாம் பகுதி தொடங்கிவிடும். எக்செல்லில் செய்தியை ஒரு கட்டத்தில் ஒட்டி `=LEN(A1)` என்று கேட்டால் இந்தக் கணக்கு அப்படியே கிடைக்கும்.

"அன்புள்ள" என்று தொடங்கி ஒவ்வொருவரின் பெயரையும் போட ஆசை வரும். வேண்டாம். "பரமேஸ்வரி" என்ற பெயருக்கு மட்டும் 9 போகும், 134 ஐ நிரப்பிய இந்தச் செய்தியில் எந்தப் பெயரைச் சேர்த்தாலும் மூன்று பகுதியாகிவிடும். இன்னொரு காரணம் கீழே வருகிறது.

"தங்கிலிஷில எழுதினா மலிவுதானே?"

மலிவுதான், 160 கிடைக்கும். ஆனால் கண் பரிசோதனைக்கு வருபவர்களில் பலர் வயதானவர்கள். தமிழ் வாசிப்பவர்களுக்கு "kaalai" என்பது காலையா காளையா என்று எழுத்துக்கூட்டிப் பார்க்கும் வேலை. செய்தியை வாசிக்கச் சிரமப்படுபவருக்காகத்தான் இத்தனை ஏற்பாடும், அதில் போய் மிச்சம் பிடிக்காதீர்கள். தமிழ் எழுத்துக் காட்டாத பழைய போன்களில் கட்டம் கட்டமாகத் தெரியும். அவர்களைப் படிவத்தில் குறித்துவைத்து நேரே கோல் எடுப்பதுதான் தீர்வு.

கந்தளாய்ப் பக்கத்திலிருந்து சிங்களம் பேசுபவர்கள் வருவதென்றால் அவர்களுக்குச் சிங்களத்தில் தனிச் செய்தி அனுப்புங்கள். அதற்கும் 70, 67 என்ற அதே கணக்குத்தான். இரண்டு மொழியையும் ஒரே செய்தியில் அடைத்தால் எல்லோருக்கும் நான்கு பகுதிக் காசு போகும், பாதி யாருக்கும் பயன்படாது. படிவத்தில் "செய்தி எந்த மொழியில்" என்று ஒரு கட்டம் இருந்தால் பிரிப்பது சுலபம்.

"செய்தி `tzf;fk;` எண்டு போய் விழுந்திருக்கு. வைரஸா?"

வைரஸ் இல்லை, பாமினி எழுத்துரு. அலுவலகக் கணினியில் பாமினியில் தட்டிய "வணக்கம்" திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ஆங்கில எழுத்துகள்தான் இருக்கின்றன. போனில் அந்த எழுத்துரு இல்லாததால் உள்ளதை உள்ளபடி காட்டுகிறது. யூனிகோடில் புதிதாகத் தட்டுங்கள் அல்லது மாற்றி ஒன்றில் போட்டு மாற்றுங்கள்.

`?????` என்று போனால் காரணம் வேறு: தமிழ் வாசகம் உள்ள கோப்பைச் சாதாரண CSV ஆகச் சேமித்திருக்கிறீர்கள். `CSV UTF-8` என்பதைத் தெரிவுசெய்து சேமியுங்கள். இரண்டும் தட்டும்போது கணினித் திரையில் தெரியாது. உங்கள் சொந்தப் போனுக்கு ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

"பட்டியலை எப்படிச் சுத்தம் செய்யிறது? படிவத்தில ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கினம்."

077 123…, 77123…, +9477…, இடையில் கோடு போட்டது என்று எல்லாம் இருக்கும். ஒரே இலக்கம் இரண்டு வடிவில் இருந்தால் நிறுத்தத் தாளோடு பொருந்தாது, நிறுத்தச் சொன்னவருக்கே மறுபடி போகும். ஆகவே பட்டியலும் தாளும் இரண்டுமே 94 இல் தொடங்கும் 11 எண்களாக இருக்க வேண்டும். முதலில் A நிரலை `Text` வடிவுக்கு மாற்றிவிட்டுத் தட்டுங்கள், இல்லாவிட்டால் எக்செல் முன்னால் உள்ள 0 ஐ விழுங்கிவிடும். பிறகு B நிரலில்:

```
="94"&RIGHT(SUBSTITUTE(SUBSTITUTE(A2," ",""),"-",""),9)
```

இது கடைசி 9 எண்களை எடுத்து முன்னால் 94 சேர்க்கும். விடையில் 11 எண்கள் இல்லாவிட்டாலோ, மூன்றாவது எண் 0 அல்லது 4 ஆக இருந்தாலோ படிவத்தில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது. மூன்றாவது எண் 2 ஆக இருந்தால் அது கைபேசி அல்ல, பெரும்பாலும் 026 வீட்டுத் தொலைபேசி. ஆனால் 0 இல் தொடங்கிப் 10 எண்களுக்கு மேல் எழுதப்பட்டவற்றை மட்டும் கண்ணால் பாருங்கள். ஓர் எண் கூடுதலாக எழுதப்பட்ட இலக்கத்திலும் இந்தச் சூத்திரம் ஒன்பதை வெட்டியெடுத்து, சரியானது போலக் காட்டிவிடக்கூடும்.

நம் 320 வரிகளில் 11 பேர் 026 மட்டும் கொடுத்திருக்கிறார்கள், 7 இலக்கங்கள் பிழை என்று வைத்துக்கொள்வோம். இந்த 18 பேருக்கும் ஒருவர் உட்கார்ந்து கோல் எடுக்கவோ ஆள் விட்டுச் சொல்லவோ வேண்டும். மிச்சம் 302 வரி. ஆனால் வீட்டுக்கு ஒரு போன் என்று பலர் பகிர்வதால் அதில் வேறு வேறான இலக்கங்கள் 281 தான். தாயும் மாமியும் மகனின் இலக்கத்தைக் கொடுத்திருப்பார்கள். பெயர் போடாத செய்தி என்றால் அந்தப் போனுக்கு ஒன்று போதும், பெயர் போட்டால் இரண்டு போக வேண்டும். முதல் நினைவூட்டலுக்கு 281 இலக்கம், இரண்டு பகுதி, 562 அலகு. அதன் பின் 4 பேர் நிறுத்தச் சொன்னால் இரண்டாவதற்கு 277 இலக்கம், 554 அலகு. மொத்தம் 1,116. ஒரு முக்காற்புள்ளியால் மூன்று பகுதியாகியிருந்தால் 1,674.

அந்த நான்கில் ஒன்று பகிர்ந்த போனாக இருந்தால் மகன் நிறுத்தியதில் தாய்க்கும் மாமிக்கும் செய்தி நின்றுவிடுகிறது. நிறுத்தச் சொன்ன இலக்கத்தின் கீழ் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்று பார்த்து, மற்றவர்களுக்கு வேறு வழியில் தகவல் சேர்ப்பியுங்கள்.

போன் பகிரப்படுகிறது என்பதால் இன்னொரு கவனமும் தேவை. கண் முகாம் என்று எழுதுவதில் பாதகமில்லை. மனநல ஆலோசனை, குடும்ப வன்முறை உதவி போன்றவற்றுக்கு நோக்கத்தைச் செய்தியில் எழுதவே கூடாது. "சனி காலை 9 மணிச் சந்திப்பு" என்பதோடு நிறுத்துங்கள், மாஸ்க் பெயரும் நோக்கத்தைக் காட்டிக்கொடுக்கக்கூடாது.

"எந்த நேரம் அனுப்பினா நல்லது?"

முதலாவது, மூன்று நாளுக்கு முன் மாலை 5 மணியளவில். இரண்டாவது, முதல் நாள். சனிக்கிழமை முகாமுக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை, ஜும்மா நேரத்தைத் தவிர்த்துப் பின்னேரம் 4 மணிக்கு அனுப்புங்கள். இரவுத் தொழிலுக்குக் கடலுக்குப் போகிறவர்கள் கரையில் இருக்கும்போதே அது சேர வேண்டும். இரவு 8 மணிக்குப் பிறகு அனுப்பாதீர்கள்.

தளத்தில் செய்தியின் செல்லுபடியாகும் காலம் என்று ஒன்று இருந்தால் அதை முகாம் தொடங்கும் நேரத்துக்குள் முடியுமாறு குறையுங்கள். இல்லாவிட்டால் சனி இரவு போனைத் திறப்பவருக்கு "காலை 8.30" என்று செய்தி விழும், அவர் ஞாயிறு காலை பூட்டிய மண்டபத்துக்கு வந்து நிற்பார்.

"அறிக்கையில `DELIVRD` எண்டு வந்தா அவர் பார்த்திட்டார்தானே?"

போன் வரை போய்ச் சேர்ந்தது என்று மட்டுமே பொருள். உங்கள் மாஸ்க்கைத் தன் போனில் தடைசெய்து வைத்தவருக்கும் `DELIVRD` என்றே காட்டும். `EXPIRED` என்றால் குறித்த காலம் முழுவதும் போன் அணைந்தோ வலையமைப்புக்கு வெளியிலோ இருந்திருக்கிறது, முகாமுக்கு இன்னும் நேரம் இருந்தால் மறுபடி அனுப்பிப் பார்க்கலாம். `UNDELIV` என்றால் பெரும்பாலும் பாவனையில் இல்லாத இலக்கம், திரும்ப அனுப்புவது வீண், ஆளைத் தேடுங்கள். `REJECTD` என்றால் பிரச்சினை உங்கள் பக்கம்: மாஸ்க் அந்த வலையமைப்பில் அனுமதிக்கப்படவில்லை, அல்லது கணக்கில் அலகு தீர்ந்துவிட்டது. `REJECTD` எல்லாம் 072, 078 இலேயே வந்திருந்தால் மாஸ்க்தான் காரணம் என்று ஊகிக்கலாம். பட்டியலின் பாதியிலிருந்து எல்லா வலையமைப்பிலும் வந்திருந்தால் அலகைப் பாருங்கள்.

"ஒருக்கா வாங்கின இலக்கங்களை அடுத்த நிகழ்வுக்கும் பாவிக்கலாமா?"

படிவத்தில் எதற்குச் சம்மதம் வாங்கினீர்களோ அதற்கு மட்டும். "இந்தக் கண் முகாம் பற்றிய நினைவூட்டலைக் குறுஞ்செய்தியில் அனுப்பச் சம்மதிக்கிறேன்" என்று ஒரு வரியும் அதற்கொரு கட்டமும் படிவத்தில் இருக்கட்டும். எதிர்கால முகாம்களையும் அறிவிக்க விரும்பினால் அதற்கு இரண்டாவது கட்டம் தனியாக வேண்டும், முன்கூட்டியே அடையாளமிட்டு வைக்கக்கூடாது. கண் முகாமுக்குக் கொடுத்த இலக்கத்துக்கு மூக்குக்கண்ணாடிக் கடை விளம்பரத்தையோ தேர்தல் செய்தியையோ அனுப்பினால் அது நினைவூட்டல் அல்ல, கேட்காத விளம்பரம். இலக்கத்தை அனுசரணையாளருக்குக் கொடுப்பதும் அப்படியே.

முகாம் முடிந்து, மறுபரிசோதனைக்கு வரவேண்டியவர்களின் விபரத்தைப் பிரித்தெடுத்த பிறகு, மிச்சப் பட்டியலை அழித்துவிடுங்கள். தளத்தில் ஏற்றிய பிரதியையும், வட்ஸ்அப்பில் தொண்டர்களுக்கு அனுப்பிய கோப்பையும் சேர்த்து. `STOP` தாளை மட்டும் வைத்திருங்கள், இலக்கமும் நாளும் போதும், பெயர் தேவையில்லை. அந்தத் தாளில் உள்ள ஒருவர் அடுத்த முகாமுக்குத் தானாகவே வந்து படிவம் நிரப்பிக் கட்டத்தில் அடையாளமிட்டால், அந்தத் திகதியை வேறிடத்தில் எழுதிவைத்துவிட்டு அவருடைய வரியை நீக்கலாம். மிஸ்ட் கோல் சிம்முக்கும் அவ்வப்போது ரீலோட் போட்டு உயிரோடு வைத்திருங்கள், ஏனென்றால் பழைய செய்தியைப் போனில் வைத்திருப்பவர் மாதங்கள் கழித்தும் அதே இலக்கத்துக்குத்தான் எடுப்பார்.